சோர்ஸ் ஃபாலோயரின் பாடியை எங்கே கட்டுவது?

சோர்ஸ் ஃபாலோயர் வரையும்போது கேட், டிரெய்ன், சோர்ஸ் மூன்றையும் யோசித்து இணைப்போம். நான்காவது முனையான பாடியைப் பழக்கத்தின்படி கிரவுண்டில் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். கணக்கில் 0.99 வர வேண்டிய கெயின் சிமுலேஷனில் 0.86 என்று வந்து நின்றபோதுதான், அந்த ஒரு கம்பியை எங்கே கட்டுகிறோம் என்பதே ஒரு முடிவு என்று உறைத்தது.

அந்த முடிவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. என்மாஸை வைத்துப் பாடியைக் கிரவுண்டிலேயே விடலாம். பிமாஸை அதற்கென்று தனி வெல்லில் போட்டு, பாடியைச் சோர்ஸோடு கட்டலாம். டீப் என்-வெல் இருக்கும் பிராசஸ் என்றால் என்மாஸுக்கே அதைச் செய்யலாம். அல்லது பாடியைத் தொடாமல், இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்த்து ஃபீட்பேக் கொடுக்கலாம். நான்கையும் ஒரே எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம்.

சப்ளை 3.3 வோல்ட். ஃபாலோயர் வழியாக ஓடும் மின்னோட்டம் 200 மைக்ரோஆம்பியர். டிரான்சிஸ்டரின் ஓவர்டிரைவ் 0.2 வோல்ட், அதாவது கேட்-சோர்ஸ் வோல்டேஜ் திரெஷோல்டைவிட 0.2 வோல்ட் கூடுதல். பாடியும் சோர்ஸும் ஒரே வோல்டேஜில் இருந்தால் திரெஷோல்ட் 0.7 வோல்ட். பாடி எஃபெக்டின் கெழு γ 0.45, 2φF 0.9 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இவை கைக்கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் பிராசஸில் மாறும், ஆனால் நாம் வந்து சேரும் இடம் பெரிதாக மாறாது.

கேட்டில் 2.5 வோல்ட் கொடுத்தால் சோர்ஸ் சுமார் 1.35 வோல்ட்டில் நிற்கும். பாடி கிரவுண்டில் இருப்பதால் சோர்ஸுக்கும் பாடிக்கும் இடையே அதே 1.35 வோல்ட். இதனால் திரெஷோல்ட் 0.7-லிருந்து ஏறக்குறைய 0.95 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. பாடி எஃபெக்டில் எல்லோருக்கும் தெரிந்த பாதி இதுதான். இது டிசி விஷயம், கேட் பயாஸைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் சமாளித்துவிடலாம்.

நம்மைக் கடிப்பது மற்ற பாதி. சிக்னல் வரும்போது சோர்ஸ் ஏறி இறங்குகிறது, பாடி அசையாமல் நிற்கிறது. சோர்ஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் திரெஷோல்டும் கொஞ்சம் ஏறி, மின்னோட்டத்தைக் குறைக்கப் பார்க்கிறது. ஸ்மால் சிக்னல் மாடலில் இதைத்தான் gmb என்கிறோம்.

```
η   = γ / (2·√(2φF + VSB)) = 0.45 / (2 × 1.5) = 0.15
gm  = 2·ID / Vov = 2 mS
gmb = η·gm = 0.3 mS
```

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். gmb மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பாடிக்கும் சோர்ஸுக்கும் இடையிலான வோல்டேஜ். பாடி கிரவுண்டில் இருப்பதால் அது வெளியீட்டு வோல்டேஜின் எதிர்க்குறியே தவிர வேறில்லை. எந்த இரு முனைகளுக்கு நடுவே ஒரு கரண்ட் சோர்ஸ் இருக்கிறதோ, அதே இரு முனைகளின் வோல்டேஜே அதைக் கட்டுப்படுத்தினால், அது வெறும் ரெசிஸ்டர். ஆகவே gmb என்பது வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்குத் தொங்கும் ஒரு ரெசிஸ்டர். அதன் மதிப்பு 1/gmb, நம் கணக்கில் 3.3 கிலோஓம். நாம் வைக்காத சுமை, சிலிக்கான் தானாக வைத்தது.

டிரான்சிஸ்டரின் சொந்த gds 10 மைக்ரோசீமென்ஸ், கீழே மின்னோட்டத்தை இழுக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரின் gds இன்னொரு 10 என்று எடுத்தால்:

```
மொத்தக் கண்டக்டன்ஸ் G = gm + gmb + gds1 + gds2
                      = 2 + 0.3 + 0.01 + 0.01 = 2.32 mS

கெயின் = gm / G = 0.862
Rout   = 1 / G  = 431 Ω
```

இனி பாடியைச் சோர்ஸோடு கட்டுவோம். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் gmb காணாமல் போகிறது. G 2.02 மில்லிசீமென்ஸ் ஆகிறது. கெயின் 0.990, வெளியீட்டு மின்தடை 495 ஓம்.

இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். கெயின் ஏறியது நல்லது. ஆனால் வெளியீட்டு மின்தடையும் 431-லிருந்து 495-க்கு ஏறிவிட்டதே? பஃபர் வைப்பதே குறைந்த மின்தடைக்காகத்தானே, அப்படியானால் பாடி எஃபெக்ட் நமக்கு உதவி செய்கிறதா? தேர்வுத்தாளில் "பாடி எஃபெக்ட் வெளியீட்டு மின்தடையைக் குறைக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் உண்டு, அது உண்மையும்கூட. டிசைனில் அதை நம்பிப் போனால் ஏமாந்துவிடுவோம்.

ஏன் என்று பார்க்க, வெளியீட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு வோல்டேஜ் பூஜ்யம், எனவே gmb-யும் gds-உம் பேச்சற்றுப் போகின்றன. ஓடும் சிக்னல் மின்னோட்டம் gm × vin, அவ்வளவுதான். பாடியை எங்கே கட்டினாலும் இந்த எண் மாறாது. அதாவது சுமையைத் தள்ளும் பலம் இரண்டிலும் ஒன்றே. பாடி கிரவுண்டில் இருக்கும்போது அந்தப் பலத்தில் ஒரு பங்கை அந்த 3.3 கிலோஓம் தின்கிறது. மின்தடை குறைந்ததாகத் தெரிவது அந்த ரெசிஸ்டர் இணையாக நிற்பதால்தான். எந்தச் சர்க்யூட்டின் வெளியீட்டிலும் ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டால் வெளியீட்டு மின்தடை குறையத்தான் செய்யும். அதை யாரும் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டோம்.

சுமை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஒரு கப்பாசிட்டர் வழியாக 2 கிலோஓம் சுமையைச் சேர்ப்போம், அதன் கண்டக்டன்ஸ் 0.5 மில்லிசீமென்ஸ். பாடி கிரவுண்டில் இருந்தால் கெயின் 2/2.82, அதாவது 0.709. சோர்ஸில் இருந்தால் 2/2.52, அதாவது 0.794. மின்தடை "அதிகமான" சர்க்யூட்தான் சுமையில் அதிக வோல்டேஜ் கொடுக்கிறது. சுமையை எவ்வளவு கனமாக்கினாலும் இந்த வரிசை மாறாது, வித்தியாசம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். ஆக, ரெசிஸ்டர் சுமை என்றால் கேள்விக்கே இடமில்லை: பாடியைச் சோர்ஸோடு கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

கப்பாசிட்டர் சுமையில்தான் உண்மையான போட்டி. 5 பிகோஃபாரட் சுமை இருந்தால், பாடி கிரவுண்டில் உள்ள ஃபாலோயரின் பேண்ட்வித் சுமார் 74 மெகாஹெர்ட்ஸ். பாடி சோர்ஸில் இருந்தால் 64. ஆனால் இதிலும் அந்த மாயம் இருக்கிறது. இரண்டின் ரெஸ்பான்ஸையும் ஒரே தாளில் வரைந்தால், உயர் ஃப்ரீக்வன்சியில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அங்கே இரண்டுக்கும் கெயின் gm/(ωC) தான். கீழ்ப்பக்கத்தில் ஒன்று 0.862-இல் தட்டையாக இருக்கிறது, மற்றது 0.990-இல். தாழ்வாக இருக்கும் கோடு சரிவைக் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சந்திக்கிறது, அதைத்தான் அதிக பேண்ட்வித் என்று படிக்கிறோம்.

இதுவரை பாடியைச் சோர்ஸில் கட்டுவதற்கே எல்லாம் சாதகமாக இருந்தது. ஆனால் அது சும்மா கிடைப்பதில்லை. பாடி என்பது ஒரு புள்ளியல்ல, அது ஒரு வெல். அந்த வெல்லுக்கும் அடியில் உள்ள சப்ஸ்ட்ரேட்டுக்கும் இடையே ஒரு பெரிய டயோடு இருக்கிறது, அதற்கு ஒரு கப்பாசிட்டன்ஸும் உண்டு. பாடியைச் சோர்ஸில் கட்டியதும் அந்தக் கப்பாசிட்டன்ஸ் முழுவதும் நம் வெளியீட்டில் வந்து தொங்குகிறது. பெரிய டிரான்சிஸ்டர் என்றால் அது சின்ன விஷயமல்ல. நம் எடுத்துக்காட்டில் அதை 1 பிகோஃபாரட் என்று வைத்தால் பேண்ட்வித் 64-லிருந்து 54 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்த இழப்பு உண்மையானது, மேலே சொன்ன மாயம் அல்ல.

இது எங்கே முடிவை மாற்றும் என்றால், கெயின் எவ்வளவு என்பது முக்கியமில்லாமல் சீக்கிரம் நிலைபெறுவது முக்கியமாக இருக்கும் இடத்தில். சாம்பிள் செய்யும் சர்க்யூட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கெயின் 0.86 என்றால் பிறகு டிஜிட்டலில் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் கிளாக் வருவதற்குள் வோல்டேஜ் தன் இறுதி மதிப்புக்கு 0.1 சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்கு ஏழு டைம் கான்ஸ்டன்ட் அளவுக்கு நேரம் வேண்டும், துல்லியமாக 6.9. பாடி கிரவுண்டில் இருந்தால் 431 ஓம் × 5 பிகோஃபாரட் கணக்கில் சுமார் 15 நானோசெகண்ட். பாடி சோர்ஸில், வெல் கப்பாசிட்டன்ஸையும் சேர்த்து, சுமார் 20 நானோசெகண்ட். இங்கே நான் பாடியைக் கிரவுண்டிலேயே விட்டுவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த நேரக் கணக்கு சின்ன ஸ்டெப்புக்கு மட்டும்தான். வெளியீடு 1 வோல்ட் கீழே இறங்க வேண்டும் என்றால், 5 பிகோஃபாரட்டை டிஸ்சார்ஜ் செய்ய இருப்பது கீழே உள்ள 200 மைக்ரோஆம்பியர் மட்டுமே. அதற்கே 25 நானோசெகண்ட் போய்விடும், 431 ஓம் என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஏறும்போது வேகமாக ஏறி, இறங்கும்போது நேர்கோட்டில் மெதுவாக இறங்கினால், மின்தடையைக் குறை சொல்லாதீர்கள். பயாஸ் மின்னோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

"கெயினைப் பிறகு பெருக்கிக்கொள்ளலாம்" என்றேன் அல்லவா, அதிலும் ஒரு ஓட்டை உண்டு. η நிலையான எண் அல்ல. அது VSB-யைப் பொறுத்தது, VSB என்பதோ வெளியீட்டு வோல்டேஜேதான். வெளியீடு 0.85 வோல்ட்டுக்கு இறங்கும்போது η 0.170, 1.85 வோல்ட்டுக்கு ஏறும்போது 0.136. கெயின் ஒரு முனையில் 0.847, மறுமுனையில் 0.873. மூன்று சதவீத வித்தியாசம். சைன் அலையை உள்ளே விட்டால் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே உயரத்தில் வராது. 0.5 வோல்ட் உச்சம் உள்ள அலைக்கு இரண்டாம் ஹார்மோனிக் சுமார் 0.37 சதவீதம், அதாவது −49 டெசிபெல் அருகே நிற்கும். எட்டு பிட் வேலைக்கு இதுவே விளிம்பு, பன்னிரண்டு பிட்டுக்கு ஒத்துவராது. ஒரே எண்ணால் பெருக்கி இதைச் சரிசெய்ய முடியாது. பாடியைச் சோர்ஸில் கட்டினால் இந்த வளைவின் மூலகாரணமே போய்விடுகிறது. மிஞ்சுவது gds-ஆல் வரும் சின்ன வளைவு மட்டும்.

சரி, பாடியைச் சோர்ஸில் கட்டுவதென்று முடிவு செய்தாயிற்று. எந்த டிரான்சிஸ்டரில் கட்டுவது? சாதாரண சிமாஸ் பிராசஸில் எல்லா என்மாஸும் ஒரே பி-வகை சப்ஸ்ட்ரேட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் பாடியைத் தூக்கினால் சிப்பில் உள்ள எல்லாவற்றின் பாடியும் தூக்கப்படும், அது நடக்காது. பிமாஸுக்கு மட்டும் தனி என்-வெல் கொடுக்கலாம். அதனால்தான் நேர்த்தியான ஃபாலோயர் வேண்டிய இடங்களில் பிமாஸை அடிக்கடி பார்க்கிறோம்.

பிமாஸில் துளைகள் மெதுவாக நகர்வதால், அதே 200 மைக்ரோஆம்பியரில் அதே 2 மில்லிசீமென்ஸ் வேண்டுமென்றால் அகலத்தைச் சுமார் மூன்று நான்கு மடங்காக்க வேண்டும். கேட் கப்பாசிட்டன்ஸும் அத்தனை மடங்காகும், முந்தைய ஸ்டேஜை அழுத்தும் என்று பயப்படத் தோன்றும். ஆனால் ஃபாலோயரில் கேட்டும் சோர்ஸும் சேர்ந்தே நகர்வதால், Cgs-இல் (1 − கெயின்) பங்கு மட்டும்தான் உள்ளீட்டில் தெரியும். கிரவுண்டில் கட்டிய என்மாஸில் அது 13.8 சதவீதம். சோர்ஸில் கட்டிய பிமாஸில் 1 சதவீதம். Cgs மூன்று மடங்கானாலும் உள்ளீட்டில் தெரியும் பங்கு குறைவுதான். Cgd-க்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அது அகலத்தோடு அப்படியே வளரும்.

பிமாஸை உண்மையில் தடுப்பது வோல்டேஜ் மட்டம். என்மாஸ் ஃபாலோயரின் வெளியீடு உள்ளீட்டைவிடக் கீழே நிற்கும், பிமாஸின் வெளியீடு மேலே நிற்கும், நம் எண்களில் 0.9 வோல்ட் மேலே. முந்தைய ஸ்டேஜ் 2.5 வோல்ட்டில் உட்கார்ந்திருந்தால் பிமாஸின் வெளியீடு 3.4 வோல்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். சப்ளையே 3.3 தான். அங்கே பிமாஸ் பற்றிப் பேசிப் பயனில்லை. முந்தைய ஸ்டேஜ் 0.75 வோல்ட் அருகில் இருந்தால் வெளியீடு 1.65-இல், சப்ளைக்குச் சரிபாதியில் வந்து உட்காரும். அப்போது யோசிக்காமல் பிமாஸை எடுப்பேன்.

பிமாஸில் பலர் செய்யும் ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. லேஅவுட்டில் இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று ஃபாலோயரைப் பக்கத்து டிரான்சிஸ்டர்களின் பொது வெல்லில் போட்டுவிடுவார்கள். அந்த வெல் சப்ளையில் கட்டப்பட்டிருக்கும். இப்போது gmb திரும்பி வந்துவிட்டது, போதாததற்குச் சப்ளையின் இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பாடி என்பது இரண்டாவது கேட். அதில் எது அசைந்தாலும் gmb/G பங்கு வெளியீட்டில் வரும். நம் என்மாஸ் எண்களில் அது 0.3/2.32, அதாவது 13 சதவீதம். சப்ஸ்ட்ரேட்டில் டிஜிட்டல் பகுதி கிளப்பும் 10 மில்லிவோல்ட் இரைச்சல் வெளியீட்டில் 1.3 மில்லிவோல்ட்டாக வந்து நிற்கும். பொது வெல்லில் உள்ள பிமாஸுக்கும் கதை இதேதான், இரைச்சல் மட்டும் சப்ளையிலிருந்து வரும். ஸ்கிமேட்டிக்கில் பாடி முனையைக் காட்டாத குறியீட்டைப் பயன்படுத்தினால் இது கண்ணில் படாது. ஃபாலோயருக்கு மட்டுமாவது நான்கு முனை குறியீட்டையே வரையுங்கள்.

டீப் என்-வெல் உள்ள பிராசஸ்களில் என்மாஸையும் தனித் தொட்டிக்குள் வைத்துப் பாடியைச் சோர்ஸில் கட்டலாம். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிராசஸிலும் இந்த வசதி இருக்கிறது. சப்ஸ்ட்ரேட் இரைச்சலும் பெருமளவு தடுக்கப்படும். விலை என்னவென்றால் இடம். தொட்டியின் சுவரும் அதைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியும் சேர்ந்தால், சின்ன டிரான்சிஸ்டரைவிட வேலி பெரிதாகிவிடும். கைப்பேசிக் கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கோ, பக்கத்துப் பிக்சல்கள் சிலவற்றுக்குப் பொதுவாகவோ ஒரு என்மாஸ் சோர்ஸ் ஃபாலோயர் இருக்கிறது. அங்கே தனித் தொட்டிக்கு இடமே கிடையாது. பாடி எல்லா பிக்சலுக்கும் பொது, கெயின் 1-ஐ விடக் கணிசமாகக் குறைந்தே இருக்கும், அதை ஏற்றுக்கொண்டுதான் மற்றதெல்லாம் டிசைன் செய்யப்படுகிறது. அங்கே அதுதான் சரியான முடிவு.

கடைசி வழி ஃபீட்பேக். சூப்பர் சோர்ஸ் ஃபாலோயர் என்பார்கள். என்மாஸ் ஃபாலோயரின் டிரெய்னை நேராகச் சப்ளையில் கட்டாமல், ஒரு மாறா மின்னோட்டத்தின் வழியாகக் கட்டுகிறோம். அந்த டிரெய்ன் ஒரு பிமாஸின் கேட்டை இயக்குகிறது, பிமாஸின் டிரெய்ன் வெளியீட்டுக்கு வருகிறது. வெளியீடு கொஞ்சம் இறங்கினால் ஃபாலோயரின் மின்னோட்டம் ஏறும், டிரெய்ன் இறங்கும், பிமாஸ் உடனே மின்னோட்டத்தைக் கொட்டி வெளியீட்டைத் தூக்கும். பிமாஸின் gm 1 மில்லிசீமென்ஸ், டிரெய்னில் தெரியும் மொத்த மின்தடை 50 கிலோஓம் என்றால் வெளியீட்டு மின்தடை ஐம்பதில் ஒரு பங்காகும். 431 ஓம் இருந்த இடத்தில் 9 ஓமுக்கும் கீழே.

கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் கெயின் என்ன ஆயிற்று? சுமை இல்லாமல் அளந்தால் 0.866. பழைய 0.862-இலிருந்து ஏறக்குறைய அசையவே இல்லை. காரணம் எளிது. ஃபீட்பேக் செய்வது ஃபாலோயரின் மின்னோட்டத்தை மாறாமல் வைப்பது மட்டும். மின்னோட்டம் மாறாவிட்டாலும் சோர்ஸ் ஏறும்போது திரெஷோல்ட் ஏறத்தான் செய்யும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையிலான தூரம் கூடத்தான் செய்யும். அந்த வளைவும், இரண்டாம் ஹார்மோனிக்கும், சப்ஸ்ட்ரேட் இரைச்சலும் அப்படியே மிஞ்சும். வெளியீட்டு மின்தடை ஒரு நோய், பாடி எஃபெக்ட் இன்னொரு நோய். ஃபீட்பேக் முதலாவதற்கு மட்டும் மருந்து. கனமான ரெசிஸ்டர் சுமையில் நல்ல கெயினும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்: பாடியைச் சோர்ஸில் கட்டிவிட்டு, அப்புறம் ஃபீட்பேக்.

கப்பாசிட்டர் சுமையில் ஃபீட்பேக்குக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. ஃபாலோயரின் டிரெய்னில் உள்ள கப்பாசிட்டன்ஸ் Cd ஒரு தாமதம், வெளியீட்டில் உள்ள CL இன்னொரு தாமதம். லூப்பில் இரண்டும் சேரும்போது ரிங்கிங் வரும். அதன் அளவைக் காட்டும் Q ஏறக்குறைய இப்படி:

```
Q ≈ √( CL·gm2 / (Cd·(gm1 + gmb1)) )
```

CL 5 பிகோஃபாரட், Cd 0.1 பிகோஃபாரட் என்றால் Q 4.7 வருகிறது. சுமார் 340 மெகாஹெர்ட்ஸில் மணி அடித்த மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, சுமையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும் என்பது. சாதாரண ஃபாலோயரில் சுமை கூடினால் மெதுவாகும், அவ்வளவுதான். இங்கே அதிரும். Cd-யைக் கூட்டியோ பிமாஸின் gm-ஐக் குறைத்தோ அடக்கலாம், இரண்டுக்குமே வேகம் விலையாகப் போகும். சுமை எவ்வளவு என்று எனக்கு உறுதியாகத் தெரியாத இடத்தில் இந்தச் சர்க்யூட்டை வைக்க மாட்டேன்.

இவற்றையெல்லாம் நீங்களே சரிபார்க்க ngspice போதும். சாதாரண லெவல் 1 மாடலில் நம் எடுத்துக்காட்டு இது:

```
* source follower
VDD d 0 3.3
VG  g 0 2.5
M1  d g s 0 nm W=91u L=1u
IB  s 0 200u
.model nm NMOS (LEVEL=1 VTO=0.7 KP=100u
+ GAMMA=0.45 PHI=0.9 LAMBDA=0.05)
.control
op
print @m1[gm] @m1[gmbs] @m1[gds]
tf v(s) VG
print all
.endc
.end
```

`tf` கெயினையும் வெளியீட்டு மின்தடையையும் ஒரே முறையில் கொடுத்துவிடும். கீழே இருக்கும் மின்னோட்டம் இங்கே ஐடியல் என்பதால் மின்தடை 431-க்குப் பதில் 433 ஓம் அளவில் வரும். பிறகு `M1 d g s 0` என்பதை `M1 d g s s` என்று மாற்றி ஓட்டுங்கள். கெயின் 0.995-க்கும் மின்தடை 500 ஓம் அருகிலும் போகும், வெளியீட்டின் டிசி மட்டம் 1.35-லிருந்து 1.6 வோல்ட்டுக்கு ஏறும். அந்த 0.25 வோல்ட் ஏற்றம்தான் திரெஷோல்டில் நாம் மிச்சப்படுத்தியது. இந்த மாடலில் வெல் கப்பாசிட்டன்ஸ் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். டிரான்சியன்ட் ஓட்டினால் அதை நீங்களே ஒரு கப்பாசிட்டராக வெளியீட்டில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பீடு பாடியைச் சோர்ஸில் கட்டிய பக்கமே சாயும்.

மேஜையில் அளக்க விரும்புகிறவர்கள் 2N7000 போன்ற மூன்று கால் மாஸ்ஃபெட்டை எடுத்தால் பாடி எஃபெக்டே தெரியாது. பாடி உள்ளேயே சோர்ஸோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கு CD4007 தான் பொருத்தம். அதில் கேட் 3, சோர்ஸ் 4, டிரெய்ன் 5 உள்ள என்மாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாடி 7-ஆம் காலில் இருக்கிறது. 14-ஆம் கால் எப்போதும் சப்ளையில் இருக்கட்டும். முதலில் 7-ஐக் கிரவுண்டில் கட்டி அளந்துவிட்டு, பிறகு 7-ஐ எடுத்து 4-ஓடு சேர்த்து அளக்க வேண்டும். இரண்டாவது தடவை ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பயன்படுத்தாத கேட்களை முதல் தடவை கிரவுண்டில் கட்டியிருப்பீர்கள். இப்போது 7-ஆம் கால் கிரவுண்டைவிட மேலே ஏறிவிட்டதால், அந்தக் கேட்களின் பாதுகாப்பு டயோடுகள் திறந்து மின்னோட்டத்தைத் திருடும், வெளியீடு அரை வோல்ட்டைத் தாண்டியதுமே சிக்கிக்கொண்டு நிற்கும். அவற்றையும் 7-ஆம் காலுக்கே மாற்றிவிடுங்கள்.

வெளியீட்டு மின்தடையை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சுமை இல்லாமல் ஒரு அளவு V0, தெரிந்த சுமையை RL கப்பாசிட்டர் வழியாகச் சேர்த்து இன்னொரு அளவு V1 எடுங்கள். Rout = RL × (V0/V1 − 1). நம் எண்களில் 2 கிலோஓம், 0.862, 0.709 என்று போட்டால் 431 ஓம் திரும்பக் கிடைக்கிறது. உள்ளீட்டை 50 மில்லிவோல்ட் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அலையை விட்டால் η மாறிக்கொண்டே இருக்கும், கிடைப்பது எந்த ஒரு புள்ளியின் மின்தடையாகவும் இருக்காது.